படத்தில் பத்தாயிரம், கையில் ஆறாயிரம்

இணையக் கடைகளில் பொருளைப் பற்றிய முக்கிய விவரங்களைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். பெரிய எழுத்தில் ஒரு பெருமை, ஓரத்தில் நாலு சின்ன ஐகான், பொருளின் முதுகில் எறும்பு வரிசையாகச் சில எண்கள். எல்லாம் ஆங்கிலம். எங்கள் தெருமுனையில் இரவு இட்லிக் கடை போடும் அக்கா, மகளின் போனில் தெரிந்த அப்படிப்பட்ட மூன்று படங்களைத் தன் போனில் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். மூன்றும் பவர் பேங்க். “என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லு தம்பி. எதை வாங்குறதுன்னு நான் பாத்துக்கிறேன்” என்று கூடவே ஒரு குரல் பதிவு.

அவருடைய தேவை எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்கள் ஸ்கேன் செய்து அனுப்பும் பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பது அந்தப் போனில்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை போட்டால் ஒன்பதுக்கெல்லாம் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. தள்ளுவண்டிக்கு மின் இணைப்பு கிடையாது.

முதல் படத்தில் 20,000 எம்ஏஎச், விலை 1,699 ரூபாய். இரண்டாவதில் 10,000, விலை 999. மூன்றாவதில் 50,000, விலை வெறும் 749. படத்தில் உள்ளதை உள்ளபடி வரிசையாகத் தமிழில் எழுதி அனுப்பினால் அக்கா மூன்றாவதைத்தான் எடுப்பார். எடுத்தால் அவர் மேல் தப்பில்லை. பொருட்களை ஒப்பிடுகிறவருக்கு மொழிபெயர்க்கும்போது மூன்று படங்களும் ஒரே கேள்விக்கு ஒரே அளவில் பதில் சொல்லும்படி வைக்க வேண்டும். அதனால் பெரிய எழுத்தை ஒதுக்கிவிட்டு, பொருளின் முதுகில் இருக்கும் பொடி எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். பெரிய எழுத்து விற்கிறவர் பேசுவது. பொடி எழுத்துக்குத்தான் தயாரித்தவர் பொறுப்பேற்கிறார்.

முதல் பவர் பேங்கின் முதுகில் இரண்டு கொள்ளளவுகள் இருந்தன. ‘பேட்டரி கெபாசிட்டி 20,000 எம்ஏஎச், 3.7 வோல்ட், 74 வாட்-மணி’ என்று ஒரு வரி. ‘ரேட்டட் கெபாசிட்டி 12,000 எம்ஏஎச், 5 வோல்ட்’ என்று அதற்குக் கீழே இன்னொரு வரி. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய 3.7 வோல்ட். போனுக்கு வெளியே கொடுப்பது 5 வோல்ட். எம்ஏஎச் கணக்கை மட்டும் சொல்லி வோல்ட்டைச் சொல்லாமல் விடுவது, எத்தனை குடம் தண்ணீர் என்று சொல்லிவிட்டுக் குடம் எவ்வளவு பெரிது என்று சொல்லாததைப் போல. இரண்டையும் பெருக்கினால்தான் உள்ளே இருக்கும் மின்சாரம் எவ்வளவு என்று தெரியும், அதுதான் வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்பது 20 ஆம்பியர்-மணி. அதை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. அந்த 74-ஐ 5 வோல்ட் கணக்குக்கு மாற்றினால் 14,800 எம்ஏஎச் வரும். மின்னழுத்தத்தை ஏற்றும் சர்க்யூட்டில் கொஞ்சம் சூடாக வீணாகிறது, மிச்சம் 12,000. ஆகவே போன் பக்கம் வந்து சேர்வது 12 × 5 = 60 வாட்-மணி. அக்காவுக்கு நான் எழுதிய முதல் எண் இந்த 60.

இரண்டாவது படத்தில் ஒரு சிக்கல். ஒரு திரையை இன்னொரு போனால் படம் பிடித்தால் அலையலையாகக் கோடு விழும்; அதில் பொடி எண்கள் கலங்கிவிடும். ரேட்டட் கெபாசிட்டி 6,200-ஆ, 8,200-ஆ என்று புரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைவிடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது மேல். 10 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும் 5 வோல்ட்டில் அது 7,400 எம்ஏஎச்சைத் தாண்டாது. அப்படியானால் 8,200 இருக்கவே முடியாது, 6,200-தான். வாட்-மணியில் 31. இருந்தாலும் அக்காவுக்கு எழுதும்போது அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘படத்தில் மங்கல், கணக்குப்படி இது’ என்று குறித்தேன். படத்தில் வாசித்தது எது, நான் ஊகித்தது எது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது பெருமை வரிகள். முதல் படத்தின் உச்சியில் ‘உங்கள் போனை 5 முறை வரை சார்ஜ் செய்யலாம்’ என்று இருந்தது. கடைசிச் சொல்லுக்கு மேலே ஒரு நட்சத்திரக் குறி. அதே குறி படத்தின் அடி ஓரத்தில், சாம்பல் நிறத்தில்: 3,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போனை வைத்து ஆய்வகத்தில் சோதித்தது. இந்த இரண்டு வரிகளையும் தமிழில் பிரித்து எழுதக் கூடாது. ஒரே வாக்கியமாக எழுதினேன்: ‘3,000 எம்ஏஎச் போனாக இருந்தால் அதிகபட்சம் 5 முறை.’ அக்காவின் போன் 5,000 எம்ஏஎச். போன் பேட்டரியின் மின்னழுத்தம் 3.85 வோல்ட் அளவில் இருக்கும். ஆக ஒரு முறை நிரப்ப ஏறத்தாழ 19 வாட்-மணி வேண்டும். கேபிளிலும் போனுக்குள்ளும் சுமார் எட்டில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்துக்கொண்டால், 60-ல் 52 அளவுக்கு உருப்படியாகப் போய்ச் சேரும். ஐந்து முறை என்பது அவருக்கு இரண்டரை முறைக்குக் கொஞ்சம் மேலே. இரண்டாவது பவர் பேங்க் அதே கணக்கில் ஒன்றரைக்குச் சற்றுக் கீழே.

மூன்றாவது படம் 50,000 என்று தலையில் எழுதிக்கொண்டு நின்றது. ரேட்டட் கெபாசிட்டி எங்கும் இல்லை. வாட்-மணியும் இல்லை. ஆனால் விற்கிறவர் தெரியாமல் மூன்று சாட்சிகளைப் படத்திலேயே விட்டுவைத்திருந்தார். எடை 230 கிராம். உள்ளே வாங்கும் மின்சாரம் 5 வோல்ட், 2 ஆம்பியர். முழுதாகச் சார்ஜ் ஆக 4 மணி நேரம்.

5-ஐ 2-ஆல் பெருக்கினால் 10 வாட். 4 மணி நேரத்தில் உள்ளே போகக்கூடியது அதிகபட்சம் 40 வாட்-மணி. அதை 3.7-ஆல் வகுத்தால் 10,800 எம்ஏஎச். நட்டம் போக இன்னும் குறையும். எடையும் இதையே சொல்கிறது. 50,000 எம்ஏஎச் என்றால் 185 வாட்-மணி. இன்று கடையில் கிடைக்கும் நல்ல லித்தியம் செல் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 250 வாட்-மணி பிடிக்கும். செல் மட்டுமே முக்கால் கிலோ இருக்க வேண்டும். கூடு, சர்க்யூட் எல்லாம் சேர்த்து 230 கிராமில் அதை அடைக்க வழியில்லை. ‘இது பொய்’ என்று நான் எழுதவில்லை. ‘படத்தில் 50,000 என்று இருக்கிறது, அதே படத்தில் இருக்கும் எடையும் சார்ஜ் ஆகும் நேரமும் இதற்குப் பொருந்தவில்லை, 10,000-க்குத்தான் பொருந்துகின்றன’ என்று எழுதினேன்.

முதல் படத்தில் இன்னொரு பெரிய எழுத்து, ‘22.5 வாட் சூப்பர் ஃபாஸ்ட்’. முதுகில் இருக்கும் வரியில் அதன் பிரிவுகள் இருந்தன: 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2 ஆம்பியர், 5 வோல்ட் 4.5 ஆம்பியர். பெருக்கினால் 15, 18, 22.5 வாட். கடைசி வேகம் கிடைக்கப் போனும் கேபிளும் அதே சார்ஜிங் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தானாகவே கீழ் வேகத்துக்கு இறங்கிவிடும். அக்காவின் போன் பெட்டியில் 18 வாட் என்று இருந்ததால் இதை ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன். பன்னிரண்டு அடுக்குப் பாதுகாப்பு என்ற ஐகானை ‘விற்பவர் சொல்வது, அளவு எதுவும் தரவில்லை’ என்ற தலைப்பின் கீழ் போட்டேன்.

மூன்று படங்களிலும் முழுதாகத் தெரியாத ஒன்றையும் எழுத வேண்டியிருந்தது. இந்தியாவில் பவர் பேங்க் விற்க இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயப் பதிவு வேண்டும். பதிவு பெற்ற பொருளின் மேல் அமைவனத்தின் முத்திரையும், ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்கங்களும் கொண்ட எண்ணும் இருக்க வேண்டும். முதல் இரண்டு படங்களிலும் முத்திரை தெரிந்தது. எண் வாசிக்க முடியவில்லை. மூன்றாவதில் முதுகுப்புறமே காட்டப்படவில்லை. ‘இல்லை’ என்பதும் ‘படத்தில் தெரியவில்லை’ என்பதும் வேறு வேறு. மூன்றாவது பவர் பேங்குக்கு நேரே ‘படத்தில் தெரியவில்லை’ என்றுதான் எழுதினேன்.

கடைசியில் அக்காவுக்குப் போனது மூன்று சின்னப் பத்திகள். ஒவ்வொன்றிலும் ஒரே வரிசை: உங்கள் போனை எத்தனை முறை நிரப்பும், தான் நிரம்ப எவ்வளவு நேரம், எடை, விலை, படத்தில் சொல்லாதது. முதலாவது இரண்டரை முறை, நிரம்ப 5 மணி நேரம், 420 கிராம். இரண்டாவது சுமார் 1.4 முறை, 3 மணி நேரத்துக்குள், 210 கிராம். மூன்றாவது இரண்டாவதைப் போலத்தான், அதுவும் நம்பினால்.

இரண்டாவதே போதும் என்று நான் மனதுக்குள் நினைத்திருந்தேன். ஒரு ராத்திரிக்கு ஒரு முறை நிரம்பினால் போதுமே. அக்கா முதலாவதை எடுத்தார். “ரெண்டு ராத்திரி தாங்கும்ல? ஒரு நாளு மாவாட்டுற அவசரத்துல சார்ஜ் போட மறந்துட்டாலும் கடை ஓடும்ல தம்பி” என்றார். அந்தக் கணக்கு எந்தப் படத்திலும் இல்லை, அவரிடம்தான் இருந்தது.

இந்த மொழிபெயர்ப்பால் ஒன்று முடியாது. படத்தில் அச்சடித்த 12,000 உண்மையா என்று சொல்ல முடியாது. படத்தின் எண்கள் ஒன்றையொன்று மறுக்கின்றனவா என்று மட்டும் சொல்லலாம். அதனால் படத்தை அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னேன். பொருள் வந்ததும், பெட்டியைத் தூக்கி எறியும் முன், பவர் பேங்கின் முதுகில் இருக்கும் ரேட்டட் கெபாசிட்டியும் வோல்ட்டும் படத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பதிவு எண்ணையும் அப்போது வாசித்துவிடலாம். ஒரு எண் மாறியிருந்தாலும், பொருளின் முதுகைப் படம் பிடித்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் கடைக்கு அனுப்பினால் போதும். அதற்கு ஆங்கிலத்தில் வாதாட வேண்டியதில்லை.