கம்பத்துக்குத் தனி எர்த் வேண்டாம்

கொடைக்கானல் டி.வி. நிலையம் வந்த நாட்களில் திருப்பூரில் மொட்டை மாடி வைத்திருந்தவர்கள் எல்லாம் ஜி.ஐ. பைப் நட்டு, ஆன்டெனாவைத் தெற்கே பார்க்கத் திருப்பி வைத்தோம். நேர்கோட்டில் அளந்தாலும் கொடைக்கானல் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதனால் பைப் எவ்வளவு உயரமோ, படம் அவ்வளவு தெளிவு. ஆன்டெனா போய் கேபிள் வந்தது, பிறகு டிஷ் வந்தது. ஆனால் பல மாடிகளில் அந்தப் பைப் இன்னும் நிற்கிறது. இன்று அதன் உச்சியில் இன்டர்நெட் ரேடியோ டிஷ்ஷோ கேமராவோ உட்கார்ந்திருக்கிறது. பனியன் கம்பெனிகளில் ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்கு நெட் கொண்டுபோவதும் இப்படித்தான்.

அந்தக் கம்பத்துக்கு எர்த் வேண்டுமா என்று கேட்டால் நம்மூரில் இரண்டு பதில்கள் கிடைக்கும். "எர்த் கொடுத்தால் இடியைக் கூப்பிடுகிற மாதிரி, சும்மா விடுங்கள்" என்பது ஒன்று. "தனியாக ஒரு எர்த் போட்டுவிடுங்கள், வீட்டு எர்த்தோடு சேர்க்காதீர்கள், மின்னல் உள்ளே வந்துவிடும்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. முதலாவது தவறு என்று பலருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டாவதைக் கவனமான வேலை என்று நினைத்துக் காசு கொடுத்துச் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னல் ஒரு கம்பத்தைத் தேடி வருவதற்குக் காரணம் அதன் உயரமும் அது நிற்கும் இடமும். எர்த் இல்லாத கம்பத்திலும் மின்னல் விழும். விழுந்த பிறகு தரைக்குப் போக அதற்கு ஒரு வழி வேண்டும். நாம் வழி வைக்காவிட்டால், கம்பத்திலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கேபிளே அதன் வழி.

இரண்டாவதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாடி வீடு. முன்பக்கம் மீட்டர், மெயின் போர்டு, அதற்கான எர்த் குழி. பின்பக்கம் கம்பம், அதற்கு எலக்ட்ரீஷியன் தனியாகத் தோண்டிய இன்னொரு குழி. இரண்டும் நல்ல எர்த்தான். கம்பத்து எர்த் 5 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மின்னல் ஒன்றில் 30,000 ஆம்பியர் பாயலாம். முப்பதாயிரத்தை ஐந்தால் பெருக்கினால் 1,50,000 வோல்ட். ஒரு நொடியில் மிகச் சிறிய பகுதி நேரத்துக்குக் கம்பமும் அதோடு சேர்ந்த கேபிள் உறையும் ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கு ஏறிவிடுகின்றன. முன்பக்கத்து எர்த்தோ ஏறக்குறைய பழைய நிலையிலேயே இருக்கிறது.

இந்த இரண்டையும் தொட்டுக்கொண்டு நிற்பது எது? உங்கள் டி.வி. அல்லது ரூட்டர். அதன் ஒரு பக்கம் கம்பத்திலிருந்து வரும் கேபிள், இன்னொரு பக்கம் கரண்ட் பிளக். ஒன்றரை லட்சம் வோல்ட் வித்தியாசம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் தாவிக் கடக்கிறது. எர்த் நன்றாகத்தானே இருந்தது, எப்படிப் போனது என்று பிறகு குழம்புகிறோம். கெடுத்தது எர்த் அல்ல, இரண்டு எர்த்தும் பிரிந்திருந்ததுதான்.

கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் இரண்டு காலும் ஒரே வோல்ட்டில் இருப்பதே காரணம். வீட்டுக்கும் அதே நியாயம்தான். கம்பத்து எர்த்தையும் மெயின் போர்டு எர்த்தையும் கனமான கம்பியால் இணைத்துவிட்டால், ஏறும்போது எல்லாம் சேர்ந்தே ஏறும், இறங்கும்போது சேர்ந்தே இறங்கும். நடுவில் இருக்கும் பெட்டிக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. ஆன்டெனாக்களுக்கான சர்வதேச விதியும் கம்பத்தைக் கட்டடத்தின் பொது எர்த்தோடு சேர்க்கத்தான் சொல்கிறது. அதற்குத் தாமிரமானால் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர், இரும்பானால் 50 சதுர மில்லிமீட்டர் வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் 25க்கு 3 ஜி.ஐ. பட்டை 75 சதுர மில்லிமீட்டர் வருகிறது, போதும். வீட்டு வயரிங்குக்குப் போடும் பச்சை வயர் போதாது.

அந்தப் பட்டை போகும் பாதையும் முக்கியம். மின்னல் கரண்ட் மிக வேகமாக ஏறுவதால், கம்பியின் நீளமே ஒரு தடையாகிவிடும். மீட்டருக்குப் பத்தாயிரம் வோல்ட் அளவுக்குக்கூட வித்தியாசம் வரலாம். அதனால் பட்டையைச் சுவரின் வெளிப்பக்கமாக நேராக, குறுக்கு வழியில் இறக்க வேண்டும். மிச்சக் கம்பியைச் சுருட்டிக் கட்டக் கூடாது. ஆன்டெனா கேபிளையும் மாடிக் கதவு இடுக்கு வழியாக உள்ளே நுழைக்காமல், பட்டையை ஒட்டியே கீழே கொண்டுவந்து மெயின் போர்டுக்குப் பக்கத்தில் நுழைப்பது நல்லது. நுழையும் இடத்தில் கேபிளின் உறையை எர்த்தில் சேர்க்க வேண்டும். உள்கம்பியை அப்படி நேரடியாகச் சேர்க்க முடியாது, சிக்னல் போய்விடும். அதற்கு அரெஸ்டர் என்ற சிறு பொருள் கிடைக்கிறது.

உங்கள் வீட்டில் இரண்டும் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். மெயினை அணைத்துவிட்டு, கம்பத்திலிருந்து வரும் கேபிளை டி.வி.யிலிருந்தும் ரூட்டரிலிருந்தும் கழற்றிவிடச் சொல்லுங்கள். கழற்றாவிட்டால் கேபிள் வழியாகவே இணைப்பு இருப்பதுபோல் மீட்டர் காட்டும். பிறகு எலக்ட்ரீஷியன் ஒரு நீள வயரை வைத்துக் கம்பத்தின் அடிக்கும் மெயின் போர்டின் எர்த்துக்கும் நடுவே ஓம் பார்க்கட்டும். வயரின் சொந்த ஓமைக் கழித்துவிட்டு, ஒரு ஓமுக்குள் இருந்தால் உலோகத்தால் இணைந்திருக்கிறது. ஐந்து, பத்து, இருபது என்று வந்தால் இரண்டும் மண் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன.

நம் பக்கத்து மண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செம்மண்ணுக்கு அடியில் பாறை, சுக்கான்கல். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து எர்த்தின் ஓம் ஏறிக் கிடக்கும்போதுதான் கோடை மழை இடியோடு வருகிறது. குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை அந்த மாதங்களில் விடாதீர்கள். சாயத் தண்ணீர் பாய்ந்த பகுதிகளில் நிலைமை வேறு. உப்பு ஏறிய மண்ணில் ஓம் குறைவாகக் காட்டும், ஆனால் ஜி.ஐ. பைப்பும் போல்ட்டும் சீக்கிரம் அரித்துப் போகும். மேலே பட்டை பளபளப்பாக இருக்கும், மண்ணுக்குள் இணைப்பே இருக்காது. அங்கெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை குழியின் மூடியைத் திறந்து போல்ட்டைப் பார்ப்பது அவசியம்.

இவ்வளவு செய்தாலும் ஒரு எல்லை உண்டு. தெருவிலிருந்து வரும் ஈ.பி. லைன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது. நம் வீட்டு எர்த் ஏறும்போது அது கூடவே ஏறாது. அந்த வித்தியாசத்துக்கு மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் போட வேண்டும். நேராகக் கம்பத்தில் விழும் பெரிய மின்னலுக்கு அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. ஆகவே வானம் இருட்டும்போதே, இடி நெருங்குவதற்கு முன், பிளக்கையும் கேபிளையும் இரண்டையுமே கழற்றி வைக்கும் பழைய வழக்கம் இன்றும் சரிதான். சுவிட்சை மட்டும் அணைப்பதில் பயனில்லை. பல ஆயிரம் அடியிலிருந்து தாவி வரும் மின்னலுக்கு சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே அல்ல.

டிஷ் மாட்ட வரும் பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சிக்னல் வந்தால் அவர்கள் வேலை முடிந்தது. எர்த்தைக் கேட்டு வாங்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். இனி யாராவது உங்கள் கம்பத்துக்குத் தனி எர்த் போட்டுத் தருகிறேன் என்றால், போடட்டும். ஆனால் அதை மெயின் எர்த்தோடு பட்டை போட்டு இணைத்து, மீட்டரில் ஒரு ஓமுக்குள் காட்டிய பிறகு கூலியைக் கொடுங்கள்.