அட்டையின் முன்பக்கத்தில் என்ன எழுதுவது?



பரீட்சை நெருங்கும்போது பலர் ஆசிரியர் தந்த குறிப்புகளைச் சிறு அட்டைகளில் எழுதிப் படிக்கின்றார்கள். இது நல்ல முறை. ஆனால் அவ்வட்டைகளில் பெரும்பாலானவை கொப்பியின் சிறிய பிரதிகளாகவே இருக்கின்றன. மேலே தலைப்பு, கீழே முழுக் குறிப்பு என்று எழுதப்பட்ட அட்டை உங்களிடம் எதையும் கேட்பதில்லை. அதை எத்தனை முறை பார்த்தாலும் நீங்கள் செய்வது வாசிப்பு மட்டுமே. அட்டையின் பயன் பின்பக்க விடையில் இல்லை, முன்பக்க வினாவில் இருக்கிறது என்பதே எனது கருத்து.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். புவியியல் பாடத்தில் பின்வரும் குறிப்பை எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"இரணைமடுக் குளம் கிளிநொச்சி மாவட்டத்தில் கனகராயன் ஆற்றை மறித்து அமைக்கப்பட்டது. இவ்வாறு வடக்கு நோக்கிப் பாய்ந்து சுண்டிக்குளம் கடனீரேரியில் கலக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்று மழையால் குளம் நிரம்புகின்றது. தேக்கப்படும் நீர் சிறுபோக நெற்செய்கைக்குப் பெரிதும் உதவுகின்றது."

ஒரு மாணவி முன்பக்கத்தில் "இரணைமடு" என்று மட்டும் எழுதிப் பின்பக்கத்தில் நான்கு வசனங்களையும் எழுதுகிறாள். அட்டையைப் பார்த்ததும் கிளிநொச்சியும் சிறுபோகமும் அவளுக்கு நினைவுக்கு வருகின்றன. திருப்பிப் பார்த்து, "இது தெரிந்ததுதானே" என்று அடுத்த அட்டைக்குப் போய்விடுகிறாள். ஆற்றின் பெயரை அவள் ஒருமுறையேனும் நினைவிலிருந்து எடுக்கவில்லை. பரீட்சையில் அந்த ஆற்றையே கேட்டால் கை நின்றுவிடும். அவள் சோம்பேறி அல்லள். அட்டைதான் அவளை ஏமாற்றிவிட்டது.

இன்னொரு மாணவன் "இரணைமடுக் குளம் எங்கே உள்ளது?" என்று எழுதுகிறான். இது வினாதான், ஆனாலும் குறையுள்ள வினா. வட மாகாணம் என்றாலும் சரி, கிளிநொச்சி மாவட்டம் என்றாலும் சரி, கனகராயன் ஆற்றின் குறுக்கே என்றாலும் சரி. பின்பக்கத்தில் ஒன்று இருக்க அவன் வேறொன்றைச் சொன்னால், தான் சொன்னது சரியா பிழையா என்று அவனால் தீர்மானிக்க முடியாது.

அதே குறிப்பை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

முன்: இரணைமடுக் குளம் எந்த ஆற்றை மறித்து அமைக்கப்பட்டது?
பின்: கனகராயன் ஆறு.

முன்: கனகராயன் ஆறு எந்தக் கடனீரேரியில் கலக்கின்றது?
பின்: சுண்டிக்குளம் கடனீரேரி.

முன்: இரணைமடுக் குளத்தை நிரப்பும் மழை எந்தப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது?
பின்: வடகீழ்ப் பருவக்காற்று.

முன்: காலபோகத்தைவிடச் சிறுபோகம் குளத்து நீரில் அதிகம் தங்கியிருப்பது ஏன்?
பின்: வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின், வரட்சியான மாதங்களில் சிறுபோகம் செய்யப்படுவதால்.

ஒவ்வோர் அட்டையிலும் ஒரே ஒரு விடயம்தான் உண்டு. வினாவுக்கு ஒரே விடைதான் பொருந்தும். நான்காவது அட்டையைக் கவனியுங்கள். குறிப்பில் "உதவுகின்றது" என்று மட்டுமே இருந்தது, காரணம் இல்லை. வினாவை எழுத முயன்றபோதுதான் "ஏன்?" என்ற கேள்வி எழுந்தது. எனவேதான் நண்பரின் அட்டைகளை இரவல் வாங்கிப் படிப்பதை நான் ஆதரிப்பதில்லை. குறிப்பிலுள்ள இடைவெளியைக் காண்பவர் அட்டையை எழுதுபவரே.

கலைச்சொற்களுக்கு இரண்டு அட்டைகள் தேவை. குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் அமைப்பு துருசு. நிரம்பிய குளத்தின் மேலதிக நீர் வெளியேறும் வழி வான். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுவில் திறக்கப்பட்டவை வான்கதவுகள். "துருசு என்றால் என்ன?" என்ற அட்டையை மட்டும் படித்தவர் விளக்கத்தைச் சொல்லிவிடுவார். விளக்கத்தைத் தந்து பெயரைக் கேட்டால் "வான்" என்று எழுதிவிடவும் கூடும். ஆகவே, "குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் அமைப்பின் பெயர் என்ன?" என்று மறுதிசையிலும் ஓர் அட்டை எழுதுங்கள். விஞ்ஞானப் பாடத்தின் கலைச்சொற்களுக்கும் இவ்வாறே செய்யலாம்.

வினா சரியானதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. முன்பக்கத்தை மட்டும் அக்காவிடமோ வகுப்புத் தோழரிடமோ வாசித்துக் காட்டுங்கள். அவர் சரியான, ஆனால் உங்கள் அட்டையில் இல்லாத விடையொன்றைச் சொன்னால் பிழை உங்கள் வினாவில் இருக்கிறது. "எந்த ஆறு", "எந்த மாவட்டம்", "எந்த ஆண்டு" என்று வினாவை இறுக்குங்கள்.

ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்து வெட்டினால் எட்டு அட்டைகள் கிடைக்கும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும் என்பதால் சற்றுத் தடித்த மட்டையே நல்லது.

இனி, பயன்படுத்தும் முறை. விடையை வாய்விட்டுச் சொன்ன பின்னரே அட்டையைத் திருப்ப வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அமெரிக்க ஆய்வாளர்களான கார்பிக்கே, ரோடிகர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் 40 சுவாகிலி மொழிச் சொற்களை அவற்றின் ஆங்கிலக் கருத்துகளோடு கற்றார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்ன பின்னும் அதில் தம்மைத் தொடர்ந்து சோதித்தவர்கள் ஒரு வாரத்தின் பின் ஏறத்தாழ 80 வீதத்தை நினைவுகூர்ந்தார்கள். சரியாகச் சொன்ன சொற்களைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டவர்கள், அவற்றைத் தொடர்ந்து வாசித்திருந்தாலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே நினைவுகூர்ந்தார்கள். "ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டேன், இனி வேண்டாம்" என்று அட்டையை எறிவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் எல்லா அட்டைகளையும் தினமும் பார்ப்பதா? தேவையில்லை. செபஸ்தியன் லைட்னர் என்பவர் 1972இல் ஜேர்மன் மொழியில் எழுதிய நூலொன்றில் பெட்டி முறையை விளக்கினார். அதைச் சுருக்கி மூன்று பெட்டிகளோடு செய்யலாம். புதிய அட்டைகள் முதற் பெட்டியில் இருக்கும், அவற்றைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் பெட்டிக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள். அங்கும் சரியானால் மூன்றாம் பெட்டி, வாரம் ஒருமுறை. எந்தப் பெட்டியில் பிழைத்தாலும் அட்டை முதற் பெட்டிக்கே திரும்ப வேண்டும். பெட்டிக்குப் பதிலாக மூன்று இறப்பர் வளையங்களும் போதும்.

ஓர் அட்டை மூன்று நான்கு முறை முதற் பெட்டிக்கே திரும்பி வந்தால் அதை மேலும் மனனஞ் செய்யாதீர்கள். பெரும்பாலும் அதில் இரண்டு விடயங்கள் கலந்திருக்கும், அல்லது வினா தெளிவற்றிருக்கும். அதைக் கிழித்துவிட்டு இரண்டாக எழுதுங்கள். இன்னோர் ஏமாற்றமும் உண்டு. மூலையிலுள்ள மைக்கறையையோ முன்னால் வந்த அட்டையையோ வைத்து விடையைச் சொல்லப் பழகிவிடுவோம். எனவே ஒவ்வொரு முறையும் அட்டைகளைக் கலைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைகளால் முடியாததும் உண்டு. கணிதத்தில் சூத்திரத்தை அட்டையில் வைக்கலாம், கணக்கைச் செய்து பழகுவதற்குக் கொப்பி வேண்டும். கட்டுரை வினாவுக்கு விடயங்களைத் தொடுத்து எழுதும் பயிற்சியும் தனியே தேவை. இரணைமடு பற்றிய நான்கு அட்டைகளுக்கும் விடை சொல்ல முடிந்ததும், அவற்றை மூடி வைத்துவிட்டு அதே விடயங்களை ஒரு பந்தியாக எழுதிப் பாருங்கள். அதைக் கொப்பியிலுள்ள மூலக் குறிப்போடு ஒப்பிடுங்கள். விடுபட்டது எதுவோ, அதுவே நாளைய அட்டை.