ராயல்டி நோட்டீஸ்: 72,000 ரூபாய் 47,700 ஆனது எப்படி?

‘தங்கள் நூலின் 2,400 பிரதிகள் அனுப்பப்பட்டன. உரிய கழிவுகள் போக, நிகர ராயல்டி ரூ.47,700 வரவு வைக்கப்பட்டுள்ளது.’

எழுத்தாளருக்குப் பதிப்பகம் அனுப்பும் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். புத்தகத்தின் விலை 300 ரூபாய், ராயல்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 30 ரூபாய் வீதம் 72,000 வரணும். மீதி 24,300 எங்கே போச்சு?

‘கழிவுகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் ஒளிந்திருப்பதுதான் இங்கே சிக்கல். கடைகளிலிருந்து 300 பிரதிகள் திரும்பி வந்துவிட்டன. அவை விற்கவே இல்லை. அதனால் அந்த 9,000 ரூபாய் பிடித்தம் அல்ல. 10,000 ரூபாய், போன நிதியாண்டிலேயே எழுத்தாளர் வாங்கிய முன்பணம். 5,300 ரூபாய் டிடிஎஸ். அது எழுத்தாளரின் பெயரில் அரசுக்குக் கட்டிய வரி. கணக்கு தாக்கல் செய்யும்போது அவர் கட்ட வேண்டிய வரியில் கழியும். கூடுதலாக இருந்தால் திரும்ப வரும்.

இப்படி எழுதலாமே!

• அனுப்பிய பிரதிகள் 2,400; திரும்பி வந்தவை 300; விற்றவை 2,100
• உங்கள் ராயல்டி: 2,100 × ரூ.30 = ரூ.63,000
• நீங்கள் ஏற்கெனவே பெற்ற முன்பணம்: ரூ.10,000. மீதி ரூ.53,000
• இந்த மீதியில் 10% டிடிஎஸ்: ரூ.5,300. உங்கள் பான் எண்ணில் செலுத்துகிறோம்; சான்றிதழ் தனியாக வரும்
• உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவது: ரூ.47,700

ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் விடையிலிருந்து தொடங்குகிறது. போன் கால்குலேட்டரிலேயே சரிபார்த்துவிடலாம்.

தப்பு எங்கே தெரியும்?

வரிசை முக்கியம். முன்பணத்தின் வரிக் கணக்கு, அது தரப்பட்ட ஆண்டோடு முடிந்தது. அதைக் கழிக்காமல் 63,000-க்கு வரி பிடித்தால் 6,300 ஆகும். 1,000 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். பழைய குறிப்பில் இது கண்ணில் படவே படாது. வரி 10,600 என்று இரட்டிப்பாக இருந்தால், உங்கள் பான் எண் பதிப்பகத்திடம் இல்லை என்று சந்தேகிக்கலாம். பான் இல்லாவிட்டால் 20 சதவிகிதம் பிடிப்பார்கள்.

இன்னொன்று: ஒரு நிறுவனம் ஒருவருக்கு நிதியாண்டில் தரும் ராயல்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ். 2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 30,000. பழைய வரம்பை வைத்தே இன்னும் பிடித்தால், கேள்வி கேட்க வேண்டியது எழுத்தாளர்தான். அதற்குத் தொகைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

இந்த ஐந்து வரிகளுக்கான எண்கள் எல்லாமே பதிப்பகத்தின் கணக்குப் பிரிவில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கூட்டி ஒரே சொல்லில் மூடாமல், இருக்கிற வரிசையில் அனுப்பினாலே போதும்.