கம்பளியை விலக்கி மூச்சை எண்ணுவோம்

மழையும் குளிரும் சேர்ந்துவிட்டால் லயத்துப் பிள்ளைகளுக்கு இருமல் வருவது வழக்கம். அநேகமாக அது சாதாரணச் சளிதான், தானாகவே மாறிவிடும். ஆனால் நிமோனியாவும் அதே இருமலோடுதான் வருகிறது. இரண்டையும் பிரித்தறிய உதவுவது பிள்ளையின் மூச்சு.

நம் மாணவி ஒருவரின் எட்டு மாதத் தம்பிக்கு மூன்று நாளாக இருமல். உடம்பு லேசாகத்தான் சுட்டது. குளிருக்குச் சுவெட்டர் போட்டு, கம்பளியால் சுற்றியிருந்தார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய் பால் கொடுத்தபோது, பிள்ளை கொஞ்சம் குடிப்பதும் விட்டுவிட்டு மூச்சு வாங்குவதுமாக இருந்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்த நமது மாதர் சங்கத் தோழி, பிள்ளை அழாமல் அமைதியாகும்வரை காத்திருந்தார். பிறகு சட்டையை உயர்த்தி, போனில் நேரம் பார்த்து, வயிறும் நெஞ்சும் எழுந்து தாழ்வதை ஒன்று என்று எண்ணினார். ஒரு முழு நிமிடத்தில் 58. மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். பிள்ளை சுகமாகி வீடு வந்துவிட்டான்.

நாம் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு மூன்றுதான். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. சிசுவுக்கு மூச்சு சீராக இராது. அதனால் கணக்கு கூடினால் இன்னொரு முறை எண்ண வேண்டும். அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணினால் கணக்கு பிழைக்கும்.

சாதாரணமாக மூச்சை இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் வெளியே எழும்பும். அமைதியாக இருக்கும்போதும் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போனால், எண்ணிக்கை எதுவானாலும் தாமதிக்கக் கூடாது. குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், இவற்றில் எது இருந்தாலும் அந்த இரவே ஆஸ்பத்திரி.

கடுங்காய்ச்சலும் இழுப்பும்கூட மூச்சைக் கூட்டும். எது என்று முடிவு செய்வது வைத்தியரின் வேலை. எண்ணிப் பார்த்து அவரிடம் கொண்டுபோவதே நம் வேலை. முன்பு மிஞ்சிய மருந்தையோ இருமல் பாணியையோ கொடுத்துக் காத்திருப்பது நேரத்தைத்தான் தின்னும்.

காலையில் பெரட்டுக்குப் போனால்தான் பேர் விழும் என்பது நமக்குத் தெரியும். அதற்காக மூச்சு வாங்கும் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்ல வேண்டாம். லீவோ வாகனமோ மறுக்கப்பட்டால் அதே நாளில் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்பது சங்கத்தின் பொறுப்பு.