தொப்பை இருந்தால் கொழுத்த நாயா? இரண்டு போட்டோவில் தெரியும் உண்மை

கேள்வி: “போடியில் வீடும், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டமும் வைத்திருக்கிறேன். வீட்டில் ஒரு நாய், தோட்டத்து ஸ்டோரில் ஒரு நாய். இரண்டுக்கும் வயிறு பெருத்துவிட்டது. சோற்றைக் குறைக்கலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு குறைக்க வேண்டும்? இரண்டு நாய்களையும் பக்கவாட்டில் எடுத்த போட்டோக்கள் இத்துடன் உள்ளன.”
- ஏல விவசாயி ஒருவர், போடிநாயக்கனூர்.

பதில்:

இவர் அனுப்பிய பக்கவாட்டுப் படங்களைப் பார்த்தால் இரண்டு நாய்களும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. நல்ல உடற்கட்டுள்ள நாயைப் பக்கத்தில் நின்று பார்த்தால், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சு தாழ்ந்திருக்கும். அங்கிருந்து அடிவயிற்றுக் கோடு பின்தொடையை நோக்கி மேலே ஏறிப் போகும். இந்த இரண்டு நாய்களுக்கும் அந்த ஏற்றம் இல்லை. ஒன்றின் வயிறு நெஞ்சோடு ஒரே மட்டமாக இருந்தது. மற்றதன் வயிறு நெஞ்சைவிடக் கீழே தொங்கியது. ஸ்டோர் காவலாளியும், “மொதலாளி, அது நல்லாத் தின்னு தொப்பை போட்டிருக்கு, பாருங்க” என்றே சொல்லியிருக்கிறார்.

பக்கவாட்டுப் படம் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதி உண்மை முதுகுக்கு நேர் மேலே இருந்து எடுத்த படத்தில் இருக்கிறது. அந்தப் படத்தையும் எடுத்து அனுப்பச் சொன்ன பிறகுதான், இரண்டு நாய்களும் நேர் எதிர் நிலையில் இருப்பது தெரியவந்தது. வீட்டு நாய் கொழுத்திருந்தது. தோட்டத்து நாய் மெலிந்திருந்தது. இரண்டுக்கும் ஒன்றாகச் சோற்றைக் குறைத்திருந்தால், தோட்டத்து நாய் பிழைத்திருப்பது கஷ்டம்.

படம் எடுக்கும் முறை

நாயைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். மலைச்சரிவில் நிற்கும் நாய் உடம்பைச் சமன்செய்ய முதுகை வளைத்துக்கொள்ளும், வயிறும் ஒரு பக்கமாகச் சரியும். வீட்டு முற்றம், ஸ்டோரின் சிமெண்டுத் தரை போன்ற இடங்கள் ஏற்றவை. நான்கு கால்களும் நேராக ஊன்றி, தலை முன்னோக்கி இருக்க வேண்டும். உட்கார்ந்த நாயின் படம் பயன்படாது. காலையில் சாப்பாடு வைக்கும் முன்பு, வெளியே போய் வந்த பிறகு எடுப்பது நல்லது. வயிறு முட்டத் தின்ற நாய்க்கு எப்போதுமே தொப்பை தெரியும்.

பக்கவாட்டுப் படத்துக்கு ஏழெட்டு அடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போனை நாயின் விலா உயரத்துக்குப் பிடிக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் அடிவயிற்றுக் கோடு மறைந்துவிடும். மேலிருந்து எடுக்கும் படத்துக்கு ஒருவர் நாயின் முன்னால் நின்று அதன் கவனத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் போனை முதுகின் நடுவுக்கு நேர் மேலே, தரைக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். தோள்பட்டையில் இருந்து வாலடி வரை முழுதாக விழ வேண்டும். போன் தலைப்பக்கம் நகர்ந்தால் நெஞ்சு பெரிதாகி, இல்லாத இடுப்புகூட இருப்பது போலத் தோன்றும்.

உச்சி வெயிலில் விலா எலும்புகளின் நிழல் விழுந்து நல்ல நாயும் மெலிந்ததாகத் தெரியும். மலை மூடுபனியில் நனைந்த ரோமம் உடம்போடு ஒட்டிக்கொண்டாலும் அப்படித்தான். அடர்ந்த உலர்ந்த ரோமம் இதற்கு எதிராக, எலும்பை மூடி மறைத்துவிடும். அதனால் நாயைத் துவட்டிக் காயவிட்டு, காலை நிழலில் எடுப்பதே சரி.

வீட்டு நாய்

இது கோம்பைக் கலப்பு. ஐந்து வயது, கருத்தடை செய்த பெண் நாய். மேலிருந்து பார்த்தால், நல்ல நாய்க்குக் கடைசி விலாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்வாங்கி இடுப்பு தெரிய வேண்டும். இதற்கு அந்த உள்வாங்கல் அநேகமாக இல்லை. தோளில் இருந்து வாலடி வரை உருளை போல ஒரே அகலம். வாலடியில் சதைத் திண்டு. முதுகெலும்பு எங்கும் தெரியவில்லை.

படத்தை மட்டும் நம்பாமல் கையாலும் ஒருமுறை பார்க்கச் சொல்லப்பட்டது. இதற்கு நம் கையே அளவுகோல். கையை விரித்துப் புறங்கையில் விரல் எலும்புகள் மேல் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தெரியும். நாயின் விலா அப்படி இருந்தால் அளவான உடம்பு. முஷ்டியை மடக்கி, துருத்தும் முட்டிகளைத் தடவுங்கள். விலா அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கையில் விரலடியைத் தடவினால் எலும்பு சதைக்குள் புதைந்திருக்கும். அப்படி இருந்தால் கொழுப்பு. வீட்டு நாய்க்கு உள்ளங்கைதான் பதில்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டோரத்தி லஃப்லாம் 1997-ல் வெளியிட்ட 9 புள்ளி அளவுகோலைத்தான் நாய்களுக்குப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 1 முதல் 3 வரை மெலிவு, 4-ம் 5-ம் அளவான உடம்பு, 6 முதல் 9 வரை கூடுதல். 5-க்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 10 சதவிகிதக் கூடுதல் எடை என்று கணக்கு. இந்த நாய்க்கு 7 கொடுக்கலாம். அதாவது 20 சதவிகிதம் கூடுதல்.

எடை பார்க்க ஏலக்காய் மூட்டை நிறுக்கும் தராசே போதும். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துக்கொள்ளலாம். இந்த நாய் 27 கிலோ. 27-ஐ 1.2-ஆல் வகுத்தால் இருக்க வேண்டிய எடை சுமார் 22.5 கிலோ. நாலரை கிலோ குறைய வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவிகிதத்துக்கு மேல் குறையக் கூடாது. வாரம் 300 கிராம் வீதம் குறைந்தால் 15 வாரம் ஆகும்.

இப்போது கொடுக்கும் சோற்றை ஒரு வாரம் அளந்து பார்த்து, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் தொடக்கத்துக்குப் போதும். முட்டை, கறியைக் குறைக்க வேண்டாம், அவைதான் தசையைக் காக்கும். தட்டில் வைக்கும் சோற்றைவிட, வீட்டில் ஆளுக்கு ஒன்றாகப் போடும் பிஸ்கட்டும் முறுக்கும் இந்த நாயைக் கெடுத்திருக்கின்றன. அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. 15 நாளைக்கு ஒருமுறை எடை பார்த்து, குறையவே இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.

தோட்டத்து நாய்

இது ஒரு வயது ஆண் நாட்டு நாய். இதன் மேற்படத்தில் வயிறு இரண்டு பக்கமும் பேரிக்காய் போலப் பிதுங்கி இருந்தது. ஆனால், அந்த வயிற்றுக்கு முன்னும் பின்னும் பார்த்தால் கதை வேறு. முதுகுத்தண்டு வரிசையாகத் துருத்தியது. இடுப்பு எலும்பின் இரண்டு முனைகளும் தெளிவாகத் தெரிந்தன. பின்தொடை வற்றி இருந்தது.

கொழுப்பு ஓரிடத்தில் மட்டும் சேர்வதில்லை. கொழுத்த நாய்க்கு விலாவின் மேலும், முதுகிலும், வாலடியிலும் சதை ஏறிய பிறகுதான் வயிறு தொங்கும். முதுகில் எலும்பு, அடியில் தொப்பை என்றால் உள்ளே இருப்பது கொழுப்பு இல்லை. குட்டிகளுக்குப் பெரும்பாலும் புழு. பெண் நாய் என்றால் சினையாக இருக்கலாம். வளர்ந்த நாய்களுக்கு ஈரல் நோய், இதய நோய், ரத்தத்தில் புரதம் குறைவது ஆகியவற்றால் வயிற்றில் நீர் கோர்க்கும். இந்த நாய்க்கு 2 புள்ளிக்கு மேல் கொடுக்க முடியாது.

உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கச் சொன்னதும், வெளுத்திருப்பதாகப் பதில் வந்தது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லப்பட்டது. சாணப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டைகள் ஏராளமாக இருந்தன. கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து ரத்தம் உறிஞ்சும். ரத்தத்தோடு புரதமும் போய்விட, ரத்தக் குழாய்களில் இருக்க வேண்டிய நீர் வயிற்றுக்குள் கசிந்து தேங்கியிருந்தது. ஈரமும் நிழலும் உள்ள ஏலக்காட்டு மண் இந்தப் புழுவின் இளம் பருவத்துக்கு ஏற்ற இடம். நாயின் தோலைத் துளைத்தும் அது உள்ளே போகும். அதனால் ஒருமுறை மருந்து கொடுத்தால் போதாது. மருத்துவர் சொன்ன நாள்களில் மறுபடியும் கொடுக்க வேண்டும். படுக்கும் இடத்துச் சாணத்தை அன்றன்றே அகற்ற வேண்டும்.

குடற்புழு நீக்கம், ரத்தத்துக்கான மருந்து, தினமும் முட்டையோடு சோறு என்று ஒரு மாதம் போனதும், விவசாயி பதற்றத்தோடு சொன்ன செய்தி, “எடை குறைஞ்சிருச்சு. 17 கிலோ இருந்தது, 15 ஆயிருச்சு” என்பது. புதிய படங்களைப் பார்த்தால் அடிவயிறு மேலே ஏறியிருந்தது, இடுப்பு முனைகள் கொஞ்சம் மழுங்கியிருந்தன. குறைந்த எடை வயிற்று நீர். தராசை மட்டும் பார்த்திருந்தால் நாய் இளைக்கிறது என்று மருந்தை மாற்றியிருப்பார். அடுத்த மாதம் தராசும் ஏறத் தொடங்கியது. இந்த முறை ஏறியது சதை.

மூன்று எச்சரிக்கைகள்

சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்ட நாய்களுக்கு நல்ல உடம்பிலேயே கடைசி இரண்டு மூன்று விலாக்கள் தெரியும், வயிறும் நன்றாக ஒட்டியிருக்கும். அதை மெலிவு என்று எண்ணி நிறையச் சோறு போட வேண்டாம். தொடைச் சதை திரண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

தொப்பை சில மணி நேரத்தில் திடீரென்று உப்பி, நாய் வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால், படம் எடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிமிடமே வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயிற்றில் நீர் என்று சந்தேகம் வந்தால், மனிதர்களுக்கான நீர் பிரியும் மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிடாதீர்கள். நீர் எதனால் கோர்த்தது என்று தெரியாமல் அதை வெளியேற்றுவது, காரணத்தை மறைத்துவிடும்.

வீட்டு நாயின் படம் 15 நாளைக்கு ஒன்றாக, அதே முற்றத்தில், அதே உயரத்தில் எடுக்கப்பட்டு வருகிறது. நான்காவது படத்தில் கடைசி விலாவுக்குப் பின்னால் மெல்லிய வளைவு ஒன்று தெரியத் தொடங்கியிருக்கிறது. சோற்றின் அளவை இப்படியே இன்னும் ஒரு மாதம் தொடரலாம்.