இரண்டாவது வேலை எங்கே கிடைக்கும்?

மின்னணுப் பொறியியல் படிக்கும் எங்கள் வகுப்பில் இப்போது ஒரே பேச்சு, வேலைக்குக் கோலாலம்பூரா, பினாங்கா என்பதுதான். நான் பினாங்கு என்கிறேன்.

கோலாலம்பூரில் 3,800 ரிங்கிட், பினாங்கில் 3,500 ரிங்கிட் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு கழித்தால், வித்தியாசம் 267 ரிங்கிட்தான். அறை வாடகை தலைநகரில் 800, பினாங்கில் 500 என்றால், அந்தக் கூடுதல் பணம் வாடகைக்கே போய்விடும்.

ஆனால், வாடகையைவிட முக்கியமானது இரண்டாவது வேலை. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில் மின்சில்லுகளைப் பொருத்தும், சோதிக்கும், அதற்கான இயந்திரங்களைச் செய்யும் நிறுவனங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதல் வேலை சரிப்படாவிட்டால், வீடு மாறாமலே அடுத்த வேலைக்குப் போகலாம். வாடகை குறைவென்று பெருநிலத்தில் தங்கினாலும், மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்தில் கட்டணமில்லை.

இதில் ஆபத்தும் உண்டு. மின்சில்லு விற்பனை சரிந்தால், பக்கத்து நிறுவனமும் ஆள் எடுக்காது. அதற்காகச் சில மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைக்க வேண்டும்.

கணக்கியல் படிக்கும் என் அக்காவுக்குக் கோலாலம்பூர்தான் பொருந்தும். உங்கள் துறைக்கு எந்த ஊர்? தங்கப்போகும் அறையிலிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரத்தில், அதே வேலைக்கு எத்தனை நிறுவனங்கள் ஆள் தேடுகின்றன என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.