மானேஜர் எழுதும் மழுப்பல் வார்த்தைகள்

வருஷம் முடிந்ததும் ஆபீசிலும் ஆலையிலும் ஒரு வேலை நடக்கிறது. ஒவ்வொரு சிப்பந்தியும் அந்த வருஷம் எப்படி வேலை பார்த்தார் என்று மேலதிகாரி எழுதி வைக்கிறார். சர்க்கார் ஆபீசில் அதற்கு மதிப்பீட்டு அறிக்கை என்று பெயர். கம்பெனிகளில் வேறு வேறு பெயர். பெயர் எதுவானாலும் சம்பள உயர்வும் பதவி உயர்வும் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவாகின்றன.

அந்தக் காகிதத்தில் பல மானேஜர்கள் என்ன எழுதுகிறார்கள்? நூல் கம்பெனி ஒன்றின் கிடங்கில் ஒரு குமாஸ்தா இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவரைப் பற்றி அவருடைய மானேஜர் இப்படி எழுதுகிறார்:

"இவர் பொதுவாக நன்றாகவே வேலை செய்கிறார் எனலாம். சில சமயங்களில் கணக்கு அனுப்புவதில் சற்று தாமதம் ஏற்படுவதாகத் தெரிகிறது. தவறுகளைக் குறைத்துக் கொள்ள முயற்சிக்கலாம். மற்றபடி திருப்திகரம்."

மொத்தம் 20 வார்த்தைகள். படித்தால் மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பென்சிலை எடுத்துக் கொண்டு மறுபடி படியுங்கள்.

"பொதுவாக" என்றால் என்ன? சில நாள் நன்றாகச் செய்யவில்லை என்று அர்த்தமா? "எனலாம்" என்றால், மானேஜர் அப்படிச் சொல்கிறாரா, அல்லது யாராவது விரும்பினால் சொல்லிக் கொள்ளலாம் என்கிறாரா? "சில சமயங்களில்" என்பது இரண்டு தடவையா, இருபது தடவையா? "சற்று தாமதம்" என்பது ஒரு மணி நேரமா, ஒரு வாரமா? இவற்றின் கீழெல்லாம் கோடு போட்டால், கோடு விழாத இடம் கொஞ்சம்தான் மிஞ்சும்!

தாமதம் தானாக வருமா?

"தாமதம் ஏற்படுவதாகத் தெரிகிறது" என்ற வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும். இதுதான் மிக மோசமான வரி. இதில் இரண்டு பேர் ஒளிந்து கொண்டிருக்கிறார்கள். தாமதம் "ஏற்படுகிறது" என்றால், மழை பெய்வது போல அது தானாகவே வருகிறது. யார் தாமதம் செய்தது என்று தெரியாது. "தெரிகிறது" என்றால் யாருக்குத் தெரிகிறது? மானேஜர் கண்ணால் பார்த்தாரா? யாராவது சொன்னார்களா? அதுவும் தெரியாது. செய்தவரும் இல்லை, பார்த்தவரும் இல்லை. குற்றம் மட்டும் காகிதத்தில் நிற்கிறது!

"முயற்சிக்கலாம்" என்பது இன்னொரு வேடிக்கை. "நீ போகலாம்" என்றால் அனுமதி. "மழை வரலாம்" என்றால் சந்தேகம். "முயற்சிக்கலாம்" என்றால் எது? தமிழில் இந்த "லாம்" ஒரு பெரிய மறைவிடம். கட்டளையிடக் கூச்சப்படுகிற அதிகாரி இதற்குள் போய் உட்கார்ந்து கொள்கிறார். அடுத்த வருஷம் அதே தவறு நடந்தால், "அப்போதே எழுதினேனே" என்பார். குமாஸ்தாவோ, "முயற்சிக்கலாம் என்றுதானே எழுதினீர்கள்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

எண்ணிப் பார்த்தால் என்ன ஆகும்?

ஒவ்வொரு மழுப்பல் வார்த்தைக்கும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். "எத்தனை தடவை, எப்போது?" என்பதே அந்தக் கேள்வி. அதற்குப் பதில் மானேஜரின் மேஜையிலேயே இருக்கும். பதிவேட்டைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் கிடங்கு மானேஜரும் பதிவேட்டைத் திறக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். இருப்புக் கணக்கு மாதா மாதம் 5-ந் தேதிக்குள் வர வேண்டும். 12 மாதங்களில் 9 மாதம் சரியாக வந்திருக்கிறது. 3 மாதம் தாமதம். அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். மே மாதமும் அக்டோபர் மாதமும் கிளைக் கிடங்கிலிருந்து எடைச் சீட்டே 7-ந் தேதிதான் வந்திருக்கிறது. எடைச் சீட்டு இல்லாமல் கணக்கை எப்படி முடிப்பது? ஆக, குமாஸ்தாவின் தாமதம் ஜூலையில் ஒரே ஒரு தடவை. அதுவும் 4 நாள்.

"சில சமயங்களில்" என்று எழுதியபோது அந்த இரண்டு மாதப் பழியும் குமாஸ்தா தலையில் விழுந்திருந்தது. மழுப்பலாக எழுதினால் மனம் நோகாது என்பார்கள். இங்கே என்ன நடந்தது? கிளைக்காரர் செய்த தாமதத்துக்குக் குமாஸ்தா பொறுப்பாகி விட்டார்! கிளைக்காரரின் காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இராது. ஆகவே அடுத்த வருஷமும் எடைச் சீட்டு தாமதமாகத்தான் வரும்.

பதிவேட்டில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பிப்ரவரியில் இருப்பு எடுத்தபோது இரண்டு பதிவுகள் தவறு. ஓரிடத்தில் 14 மூட்டை என்பது 41 என்று இருந்தது. நவம்பரில் மழைத் தண்ணீர் கிடங்குக்குள் புகுந்த இரவில், இதே குமாஸ்தா வந்து நின்று 60 மூட்டைகளை மேடைக்கு மாற்றியிருக்கிறார். முதல் குறிப்பில் இது எங்கே இருக்கிறது? "நன்றாகவே" என்ற ஒரு வார்த்தைக்குள் புதைந்து கிடக்கிறது!

இப்போது மானேஜர் மறுபடி எழுதுகிறார்:

"மாத இருப்புக் கணக்கை 12 மாதங்களில் 9 மாதம் 5-ந் தேதிக்குள் அனுப்பினார். மே, அக்டோபர் மாதத் தாமதத்துக்குக் காரணம் கிளையின் எடைச் சீட்டு தாமதமாக வந்தது. ஜூலையில் 4 நாள் தாமதம் இவருடையது. பிப்ரவரி இருப்பு எடுப்பில் இரண்டு பதிவுகளில் மூட்டை எண்ணிக்கை தவறாக இருந்தது. இனி லாரியிலிருந்து சரக்கு இறங்கும்போதே லாரிச் சீட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். நவம்பரில் கிடங்கில் தண்ணீர் புகுந்தபோது இரவில் வந்து 60 மூட்டைகளை மேடைக்கு மாற்றினார். ஒரு மூட்டையும் நனையவில்லை."

இதில் குறையும் இருக்கிறது. முன்னைவிட வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனாலும் குமாஸ்தா வீட்டுக்குப் போய் மனைவியிடம் தலை நிமிர்ந்து படித்துக் காட்டலாம். அடுத்த வருஷம் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

பாராட்டிலும் பதர் உண்டு

"கடின உழைப்பாளி. எல்லோரிடமும் இனிமையாகப் பழகுவார். கொடுத்த வேலையைச் செம்மையாகச் செய்வார்." இது மழுப்பல் இல்லை, பதர். ஆளின் பெயரைக் கையால் மறைத்துக் கொண்டு படியுங்கள். பக்கத்து மேஜைக்காரருக்கும் இது பொருந்துகிறதா? வாசலில் நிற்கும் காவலாளிக்கும் பொருந்துகிறதா? அப்படியானால் இது யாரைப் பற்றியும் எழுதியதல்ல. "மிகவும்", "மிக மிக" என்று சேர்த்தாலும் எடை கூடாது. 60 மூட்டை நனையாமல் தப்பியது என்ற ஒரு வரிக்கு முன்னால் மூன்று "மிக" நிற்குமா?

இங்கிலீஷில் எழுதும் ஆபீசுகளிலும் இதே கதைதான். "ஜெனரலி", "சம்வாட்", "ட்ரைஸ் டு" என்று அங்கே பெயர் மாறுகிறது.

"நன்று" என்ற வார்த்தை கோர்ட்டுக்குப் போனது

இதெல்லாம் வெறும் வார்த்தைச் சண்டை என்று நினைப்பவர்கள் தேவ் தத் வழக்கைத் தெரிந்து கொள்ள வேண்டும். அவர் எல்லைச் சாலை இலாகாவில் என்ஜினீயர். அடுத்த பதவிக்குப் போக வேண்டுமானால் கடைசி ஐந்து வருஷமும் "மிக நன்று" என்ற மதிப்பு இருக்க வேண்டும். 1993-94-ம் வருஷத்துக்கு அவருக்குக் கிடைத்தது "நன்று". கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் அதனால் பதவி உயர்வு போயிற்று. அப்படி எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் தெரிவிக்கவும் இல்லை.

2008-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மதிப்பு எதுவானாலும் அதைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், "நன்று" என்பதும் ஒருவருக்குக் கேடாக முடியலாம் என்று கூறியது. அடுத்த வருஷம், 2009-ல், மத்திய சர்க்கார் தன் ஊழியர்களுக்கு அறிக்கை முழுவதையும் காட்ட உத்தரவிட்டது. அதை எதிர்த்து எழுத 15 நாள் அவகாசமும் உண்டு. எழுதியதை எழுதப்பட்டவரே படிப்பார் என்று ஆன பிறகும், பல அதிகாரிகளின் பேனா இன்னும் அந்தப் பழைய ரகசியக் குறிப்புக் காலத்திலேயே ஓடிக் கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் அடித்து விடலாமா?

கூடாது. உண்மையிலேயே நிச்சயம் இல்லாத இடத்தில் அதைச் சொல்லத்தான் வேண்டும். "நான் இவரை 4 மாதம் மட்டுமே மேற்பார்வை பார்த்தேன், அதற்கு முந்திய மாதங்களைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியாது" என்று ஒரு மானேஜர் எழுதினால் அது மழுப்பல் அல்ல, யோக்கியமான வார்த்தை. மத்திய சர்க்காரில் மூன்று மாதமாவது மேற்பார்வை பார்க்காதவர் அறிக்கை எழுதவே கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். சந்தேகத்துக்குக் காரணம் பக்கத்திலேயே எழுதியிருந்தால் அது நிற்கட்டும். காரணம் இல்லாமல் "போலும்", "தோன்றுகிறது" என்று மட்டும் இருந்தால் அடித்து விட வேண்டியதுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எண்ண முடிந்ததை மட்டும் எழுதினால், எண்ண முடியாதது விட்டுப் போகும். புதிதாக வந்த பையனுக்குப் பொறுமையாக வேலை கற்றுக் கொடுத்ததற்கு எண் ஏது? அங்கே எண்ணைத் தேட வேண்டாம். யாருக்கு, எந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார், அந்தப் பையன் இப்போது எதைத் தனியாகச் செய்கிறான் என்று எழுதினால் போதும்.

சரி, உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இப்படி ஒரு மழுப்பல் காகிதத்தைக் கொண்டு வந்தால் என்ன செய்வது? கோபமாக நாலு பக்கம் எழுத வேண்டாம். கோடு போட்ட வார்த்தைகளில் இரண்டை மட்டும் எடுத்துக் கொண்டு, சுருக்கமாக எழுதச் சொல்லுங்கள். "ஐயா, சில சமயங்களில் தாமதம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவை எந்த எந்த மாதங்கள் என்று தெரிவித்தால் திருத்திக் கொள்வேன். தவறுகள் என்பது எந்தப் பதிவுகளைக் குறிக்கிறது என்பதையும் தெரிவிக்கக் கோருகிறேன்." இதைத் தேதி போட்டுக் கொடுத்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக் கொள்ள வேண்டும். பதில் எழுத வேண்டுமானால் மானேஜர் பதிவேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்!